பியர் ரிவ்யூ: நூலக மேசைக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் புராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் வாரத்தில் மாணவர்கள் ஒரே வாக்கியத்தோடு வந்து நிற்பார்கள்: “பியர் ரிவ்யூ ஆன கட்டுரை மட்டும்தான் எடுக்கணும்னு சார் சொல்லிட்டாரு.” அது என்ன, ஏன் என்று சார் சொல்லியிருக்க மாட்டார். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். முந்தைய பதில் பிந்தையதில் தேவைப்படும், எனவே வரிசையாகப் படிப்பது நல்லது.

பியர் ரிவ்யூன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு ஆய்வுக் கட்டுரையை ஜர்னலில் வெளியிடுவதற்கு முன், அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, “இதில் ஓட்டை இருக்கிறதா, வெளியிடத் தகுந்ததா?” என்று கேட்பது. தமிழில் சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்று எழுதுகிறார்கள். பேச்சில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, ஆகவே இங்கே ரிவ்யூ என்றே எழுதுகிறேன்.

அந்த ரிவ்யூவர்கள் யாரு? அரசாங்கம் போடுற ஆளா? சம்பளம் உண்டா?

அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜர்னலின் எடிட்டர்தான் ஆள் தேடுகிறார். கட்டுரையின் பின்னால் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் பார்த்து, அதே விஷயத்தில் எழுதியவர்களுக்கு மெயில் அனுப்புவார். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். பொதுவாகச் சம்பளம் கிடையாது. உங்கள் துறைப் பேராசிரியரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய கட்டுரைக்கு ரிவ்யூ எழுதிக்கொண்டிருக்கலாம்.

பெரும்பாலும் ரிவ்யூவருக்கு எழுதியவரின் பெயர் தெரியும், எழுதியவருக்கு ரிவ்யூவர் யாரென்று தெரியாது. சில ஜர்னல்கள் இரண்டு பக்கமும் பெயரை மறைக்கும். வேறு சில, ரிவ்யூ அறிக்கைகளையே கட்டுரையோடு சேர்த்து வெளியிடும். அப்படிப்பட்ட கட்டுரை கிடைத்தால் அந்த அறிக்கைகளை ஒரு முறை படித்துப் பாருங்கள். நான் எவ்வளவு விளக்கினாலும் அந்த அனுபவத்துக்கு ஈடாகாது.

கட்டுரையை அனுப்பினதுக்கு அப்புறம் உள்ளே என்னதான் நடக்குது?

ஒரு கற்பனைக் கட்டுரையை வைத்துச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த விஷயம். ஒரு குழு 40 கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, “28 கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் அளவைத் தாண்டியிருக்கிறது” என்று எழுதி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எடிட்டர் பார்ப்பார். ஜர்னலுக்குப் பொருந்தாதது, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது, மொழியே புரியாதது என்றால் அவர் மேசையிலேயே திரும்பிவிடும். இதை டெஸ்க் ரிஜெக்ட் என்பார்கள். பெரிய ஜர்னல்களுக்கு வருவதில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

தாண்டினால் ரிவ்யூவர்களிடம் போகும். சில வாரமோ, சில மாதமோ கழித்து அறிக்கை வரும். முதலாமவர் எழுதுகிறார்: “தண்ணீர் எடுத்தது எந்த மாதம்? மழைக்கு முன்பா, பின்பா?” இரண்டாமவர்: “கிணறுகளின் ஆழம் கொடுக்கப்படவில்லை. ஆழ்துளைக் கிணற்றையும் திறந்த கிணற்றையும் ஒரே சராசரியில் போட்டிருக்கிறீர்கள். 40 கிணற்றை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? சாலையோரம் இருந்ததாலா?” இவற்றை வைத்து எடிட்டர் முடிவெடுக்கிறார்: அப்படியே ஏற்பு (இது அபூர்வம்), சின்னத் திருத்தம், பெரிய திருத்தம், நிராகரிப்பு. ரிவ்யூவர் ஆலோசனைதான் சொல்கிறார், தீர்ப்பு எடிட்டருடையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நம் குழுவுக்குப் பெரிய திருத்தம் வந்தது என்போம். அவர்கள் கட்டுரையைத் திருத்துவதோடு, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுதி ஒரு கடிதமும் அனுப்ப வேண்டும். “மாதிரி எடுத்தது மே மாதம், பக்கம் 4-இல் சேர்த்துவிட்டோம். ஆழ்துளைக் கிணறுகளைத் தனி அட்டவணையாகப் பிரித்துவிட்டோம். கிணறுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவில்லை, அதை ஒரு குறையாக முடிவுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.” அது மறுபடியும் அதே ரிவ்யூவர்களிடம் போகும். ஏற்றுக்கொண்டால் அச்சுக்குப் போகும். இத்தனையிலும் மாறியது என்ன? 28 என்ற எண் மாறவில்லை. அந்த எண் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது தெளிவானது. நல்ல ரிவ்யூ பெரும்பாலும் செய்வது இந்த வேலையைத்தான்.

ரிவ்யூவர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பாரா?

மாட்டார். தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய்த் தண்ணீர் எடுக்க மாட்டார். அவர் கையில் இருப்பது எழுதப்பட்ட கட்டுரை மட்டும். மூலத் தரவை எல்லா ஜர்னல்களும் கேட்பதில்லை. கேட்டு வாங்கினாலும், சம்பளமில்லாத ரிவ்யூவர் ஒவ்வொரு வரிசையையும் சரிபார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சொல்வது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா, முறை சரியா, முடிவு தரவைத் தாண்டி ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்.

அதையும் முழுதாகப் பார்ப்பதில்லை. 1998-இல் ஒரு சோதனை நடந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவரத் தயாராக இருந்த ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 பிழைகளைச் செருகி, அந்த ஜர்னலின் ரிவ்யூவர்களுக்கு அனுப்பினார்கள். பதில் போட்ட இருநூற்றுச் சொச்சம் பேர் கண்டுபிடித்தது சராசரியாக இரண்டு பிழை. ஒன்றைக்கூடப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள்.

அப்போ பியர் ரிவ்யூ ஆனதை உண்மைன்னு எடுத்துக்கக் கூடாதா?

கவனமில்லாமல் கட்டப்பட்டவை வடிகட்டப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 மே மாதம் நடந்தது போதும். மே 22 அன்று தி லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. உலகின் மிகப் பழைய, மிகப் பெரிய மருத்துவ ஜர்னல்களில் ஒன்று. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 கொரோனா நோயாளிகள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு அதிகம் என்றது கட்டுரை. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது.

படித்தவர்களுக்கு எண்கள் உறுத்தின. ஆஸ்திரேலியாவில் 73 இறப்புகள் என்று கட்டுரை கணக்குக் காட்டியது. ஏப்ரல் 21 வரைக்குமே அந்த நாட்டில் பதிவான கொரோனா இறப்புகள் மொத்தம் 67-தான். ஆசிய மருத்துவமனை ஒன்று தவறுதலாக ஆஸ்திரேலியாவில் சேர்ந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் மே 28-இல் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தரவு முழுவதும் சர்ஜிஸ்ஃபியர் என்ற சிறு நிறுவனத்திடம் இருந்தது. தனித் தணிக்கைக்கு முழுத் தரவையும் கொடுக்க அது மறுத்துவிட்டது. ஜூன் 4 அன்று, வெளிவந்து 13-ஆம் நாள், நான்கு ஆசிரியர்களில் மூவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே நிறுவனத்தின் தரவை வைத்து வந்த இன்னொரு கட்டுரையை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினும் அதே நாளில் திரும்பப் பெற்றது.

இரண்டுமே முறையாக ரிவ்யூ ஆனவை. ரிவ்யூவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் முந்தைய பதிலைப் பாருங்கள்: அவர்களிடம் போனது அட்டவணைகள், தரவு அல்ல. இன்னொன்று. இந்தக் கட்டுரை விழுந்ததால் மாத்திரை வேலை செய்கிறது என்று ஆகிவிடவில்லை. அடுத்த நாளே, ஜூன் 5-இல், பிரிட்டனின் ரெகவரி பரிசோதனை அந்த மருந்தால் இறப்பு குறையவில்லை என்று அறிவித்தது. ஒரு கட்டுரை பொய்யானால் அதன் எதிர்ப்பதம் மெய்யாகாது. வாட்ஸப் குழுக்களில் இதைப் புரியவைக்க முயன்று தோற்றுப் போனேன், அது வேறு கதை.

அப்படின்னா ரிவ்யூவால என்ன பிரயோஜனம்?

1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பு அலைகள் என்று ஒன்று கிடையாது என வாதிடும் கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற ஜர்னலுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் ஜான் டேட் அதை ஒரு ரிவ்யூவருக்கு அனுப்பினார். அவர் பத்துப் பக்கத்துக்குக் குறை எழுதினார். ஐன்ஸ்டைனுக்குக் கோபம். அச்சுக்கு முன்னால் மற்றவர்களிடம் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லையே என்று எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் 1937-இல் வேறொரு ஜர்னலில் அது வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. அந்த ரிவ்யூவர் ஹெச்.பி. ராபர்ட்சன் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அவரே இடையில் ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் நேரில் பேசி, ரிவ்யூவர் நான்தான் என்று சொல்லாமலே, பிழையைப் புரியவைத்திருக்கிறார். ஈர்ப்பு அலைகள் கண்டறியப்பட்டதாக 2016-இல் அறிவிப்பு வந்தது.

தரவுப் பொய்யை ரிவ்யூ பிடிப்பது கடினம். வாதத்தில் இருக்கும் ஓட்டையை நன்றாகவே பிடிக்கும்.

என் கையில் இருக்கிற கட்டுரை ரிவ்யூ ஆனதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் பக்கத்தின் அடியில் அல்லது கடைசிப் பக்கத்தில் Received, Revised, Accepted என்று மூன்று தேதிகள் இருக்கிறதா பாருங்கள். எல்லா ஜர்னலும் போடுவதில்லை, போட்டிருந்தால் நல்ல துப்பு. ஜனவரியில் வந்து, ஏப்ரலில் திருத்தி, ஜூனில் ஏற்கப்பட்டது என்றால் இயல்பாக இருக்கிறது. மூன்றாம் தேதி வந்து ஆறாம் தேதி ஏற்பு என்றால் யார் எப்போது படித்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, ஜர்னலின் தளத்தில் ஆசிரியர்களுக்கான குறிப்புகள் பக்கத்தைத் திறந்து, எத்தனை ரிவ்யூவர், எந்த வகை ரிவ்யூ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கடைசியாக, நீங்கள் வைத்திருப்பது ஆய்வுக் கட்டுரைதானா என்று பாருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

நூலகத் தளத்துல ‘Peer Reviewed’ டிக் போட்டுத்தான் எடுத்தேன். ஆனாலும் சார் ‘இது செல்லாது’ங்கிறாரு!

அந்த டிக் ஜர்னலை வடிகட்டுகிறது, கட்டுரையை அல்ல. ரிவ்யூ செய்யும் ஒரு ஜர்னலுக்குள்ளேயே தலையங்கம், வாசகர் கடிதம், புத்தக விமர்சனம், செய்தி, இரங்கல் குறிப்பு எல்லாம் இருக்கும். அவை பெரும்பாலும் ரிவ்யூவருக்குப் போவதில்லை. போன வருடம் ஒரு பெண் எடுத்து வந்தது ஒன்றரைப் பக்கப் புத்தக விமர்சனம். டிக் அவளுக்குப் பொய் சொல்லவில்லை, அது சொன்னதை அவள் வேறாகப் புரிந்துகொண்டாள். தலைப்புக்கு மேலே சின்ன எழுத்தில் Editorial, Book Review, Letter, Original Article என்று போட்டிருக்கும். அதைப் படிக்காமல் டவுன்லோடு செய்யாதீர்கள்.

கூகுள் ஸ்காலரில் இந்த டிக்கே கிடையாது. ஆய்வேடு, ப்ரீபிரிண்ட், கருத்தரங்கக் குறிப்பு, புத்தகம் எல்லாம் கலந்துதான் வரும். ஸ்காலரில் கிடைத்தது என்பது ரிவ்யூ ஆனதற்கு அத்தாட்சி ஆகாது.

ப்ரீபிரிண்ட் எடுக்கலாமா? ஆர்க்கைவ்ல நல்ல கட்டுரை ஒண்ணு இருக்கு.

ப்ரீபிரிண்ட் என்பது ரிவ்யூவுக்கு முந்தைய வடிவத்தை எல்லோரும் படிக்க இணையத்தில் ஏற்றுவது. இயற்பியல், கணிதத்துக்கு ஆர்க்கைவ் தளம் 1991-லிருந்து இருக்கிறது. அங்கே பொருத்தம் மட்டும் பார்ப்பார்கள், ரிவ்யூ கிடையாது. அதற்காகத் தரம் குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002, 2003-இல், நெடுங்காலம் தீராமல் இருந்த புவான்காரே கருதுகோளை நிரூபித்த கட்டுரைகளை ஆர்க்கைவில் மட்டும்தான் போட்டார், எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. மற்ற கணிதவியலாளர்கள் குழு குழுவாக ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். எந்த ஜர்னல் ரிவ்யூவும் அந்த அளவுக்கு நடந்திருக்காது.

உங்கள் புராஜெக்டுக்கு: அதே தலைப்பைத் தேடி, ஜர்னலில் வந்த வடிவம் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால், கைடிடம் கேட்டுவிட்டு, மேற்கோளில் ப்ரீபிரிண்ட் என்று தெளிவாக எழுதுங்கள்.

‘மூணு நாள்ல ரிவ்யூ, பணம் கட்டினா உடனே பப்ளிஷ்’னு மெயில் வருது. அதுவும் பியர் ரிவ்யூன்னுதான் போட்டிருக்கு?

போட்டுக்கொள்ள யாரும் போடலாம், தடுக்க ஆளில்லை. ஜான் போஹன்னன் என்ற பத்திரிகையாளர் கற்பாசியிலிருந்து புற்றுநோய் மருந்து என்று ஒரு போலிக் கட்டுரை தயாரித்து யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்தநிலை ஜர்னல்களுக்கு அனுப்பினார். அளவு கூடக் கூட மருந்து அதிகமாக வேலை செய்கிறது என்று எழுதிவிட்டு, கூடவே வைத்த வரைபடத்தில் எந்த அளவுக்கும் ஒரே விளைவு என்று காட்டியிருந்தார். படித்துப் பார்த்தாலே பிடிபடும் பிழை. 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. 2013-இல் சயன்ஸ் இதழில் இந்தக் கதையை எழுதினார். அந்த ஜர்னல்களில் இந்தியாவிலிருந்து நடந்தவை கணிசம் என்பது நமக்குக் கசப்பான செய்தி. நம் ஊரில் பதவி உயர்வுக்கும் பிஹெச்டிக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்டதால் வந்த வினை என்பது என் கருத்து.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தான் அங்கீகரித்த ஜர்னல்களின் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை நீக்கியது. பிறகு கேர் லிஸ்ட் என்ற புதிய பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். ஆகவே “கேர்ல இருக்கு” என்ற பதில் இனி யாரையும் காப்பாற்றாது. எடிட்டர் குழுவில் இருக்கும் ஒருவரின் பெயரை எடுத்து, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த ஜர்னலைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. தனக்குத் தெரியாமலே பெயர் போடப்பட்டவர்களும் உண்டு.

1953 கட்டுரை ஒண்ணு எடுத்திருக்கேன். அப்போ ரிவ்யூ இருந்ததா?

சில இடங்களில் இருந்தது, சில இடங்களில் இல்லை. வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ அமைப்பைப் பற்றி 1953 ஏப்ரலில் நேச்சரில் எழுதியது வெளி ரிவ்யூவருக்கு அனுப்பப்படவில்லை. அந்த இதழ் எல்லாக் கட்டுரைகளுக்கும் ரிவ்யூவைக் கட்டாயமாக்கியதே 1973-இல்தான். பழைய முக்கியக் கட்டுரைகளை யாரும் தடுக்க மாட்டார்கள். பிற்பாடு வந்தவர்கள் எத்தனை முறை சோதித்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கே ரிவ்யூ.

சென்சஸ் ரிப்போர்ட் ரிவ்யூ ஆகலையே. அதையும் எடுக்கக் கூடாதா?

தாராளமாக எடுக்கலாம். ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு மூலமே சென்சஸ்தான். அதை மேற்கோள் காட்டிய ஜர்னல் கட்டுரையைத் தேடிப் பிடித்து எடுப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. எண்ணுக்கு மூல ஆவணம், விளக்கத்துக்கும் வாதத்துக்கும் ரிவ்யூ ஆன கட்டுரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சார் மறுத்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

நான் மேற்கோள் காட்டின கட்டுரையைத் திரும்பப் பெற்றுட்டாங்களாம். எனக்கு எப்படித் தெரியும்?

ஜர்னலின் சொந்தப் பக்கத்துக்குப் போனால் தலைப்பிலேயே RETRACTED என்று இருக்கும். நண்பன் அனுப்பிய பழைய பிடிஎஃப்பில் இருக்காது, சிக்கல் அங்கேதான். மேலே சொன்ன சர்ஜிஸ்ஃபியர் கட்டுரைகள் உலகச் செய்தியான பிறகும், அவற்றை மேற்கோள் காட்டிய 200 கட்டுரைகளை 2021-இல் சயன்ஸ் இதழ் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டதைச் சொல்லவே இல்லை. அவற்றிலும் ரிவ்யூ ஆனவை இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சொட்டெரோ மென்பொருளில் மேற்கோள்களைச் சேமித்தால் திரும்பப் பெறப்பட்டவற்றைச் சிவப்புப் பட்டையில் காட்டும். இல்லாவிட்டால் சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு தலைப்பையும் ஜர்னல் பக்கத்தில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ரெண்டு கட்டுரையுமே ரிவ்யூ ஆனதுதான். ஒண்ணு அதிகம்ங்குது, இன்னொண்ணு இல்லைங்குது. எதை நம்புறது?

நம்ம தர்மபுரிக் கட்டுரைக்கே வருவோம். அதற்கு எதிராக இன்னொரு குழு, “40-இல் 9 கிணறுகளில்தான் அளவு தாண்டியிருக்கிறது” என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். முதலாமவர்கள் தண்ணீர் எடுத்தது மே மாதம். இரண்டாமவர்கள் எடுத்தது டிசம்பரில், மழைக்குப் பிறகு, அதுவும் பெரும்பாலும் திறந்த கிணறுகளில். இரண்டும் சரியாக இருக்க இடமிருக்கிறது. ரிவ்யூவர்கள் மாதத்தையும் ஆழத்தையும் கேட்டு வாங்கிச் சேர்த்ததால்தான் நம்மால் இதைக் கண்டுபிடிக்க முடிகிறது.

அதனால் முடிவுரைகளை அருகருகே வைத்துத் திணறாதீர்கள், செய்முறைப் பகுதிகளை அருகருகே வையுங்கள். எந்த மாதம், என்ன ஆழம், எத்தனை கிணறு என்று ஒரு தாளில் இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். வேறுபாடு அங்கே தெரிந்துவிட்டால் அதையே உங்கள் புராஜெக்டில் ஒரு பத்தியாக எழுதலாம். தெரியாவிட்டால் அந்தத் தாளோடு கைடிடம் போங்கள்.